எலும்பு அடர்த்தி ஸ்கேன் அச்சில் உள்ள எண்களையும் வண்ணப் பட்டைகளையும் படிப்பது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புள்ளி பச்சையில் விழுந்தால் நலம், சிவப்பில் விழுந்தால் நோய் என்று எடுத்துக்கொண்டால் போதாதா?

போதாது. நிறம் என்பது அச்சில் கடைசியாக வந்து சேரும் செய்தி. எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் கருவி முதலில் எலும்பின் படத்தை எடுக்கிறது. பிறகு தொழில்நுட்பவியலாளர் அந்தப் படத்தில் எலும்பின் எல்லைகளைச் சரிபார்க்கிறார். அந்த எல்லைகளுக்குள் இருக்கும் கனிமத்தின் அளவிலிருந்து ஓர் எண் பிறக்கிறது. அந்த எண் எந்த வரம்புக்குள் விழுகிறது என்பதைப் பார்த்து, முன்கூட்டியே பூசப்பட்ட பின்னணியின்மீது மென்பொருள் ஒரு புள்ளியை வைக்கிறது. முதல் படியில் பிழை நேர்ந்தால், கடைசிப் படியில் நிறமும் பிழையாகவே இருக்கும். ஆனால் நிறத்தை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாதபடி அது மிகத் தெளிவாகவும் உறுதியாகவும் தெரியும்.

ஆகவே வகுப்பில் நாம் பின்பற்ற வேண்டிய வரிசை இது: முதலில் படம், அடுத்து எண், அதன் பிறகே நிறம். அச்சைக் கையில் வாங்குபவர் இயல்பாகவே இதைத் தலைகீழாகச் செய்கிறார் என்பதால்தான் இந்த வரிசையை முதலிலேயே சொல்லிவைக்கிறேன். சில கருவிகள் நிறமே இல்லாமல் வெறும் கோடுகளை மட்டும் அச்சிடுகின்றன. அந்த அச்சில் எந்தக் குறையும் இல்லை.

அட்டவணையில் ஒரே வரிசையில் இத்தனை எண்கள் இருக்கின்றனவே, எவற்றைப் பார்க்க வேண்டும்?

அச்சில் Area, BMC, BMD, T-score, Z-score என்ற தலைப்புகளில் நிரல்கள் இருக்கும். முதல் மூன்றும் அளந்தவை, கடைசி இரண்டும் ஒப்பிட்டுப் பெற்றவை. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டால் அட்டவணை எளிதாகிவிடும்.

ஏரியா என்பது படத்தில் அந்த எலும்பு அடைக்கும் பரப்பு. சதுர சென்டிமீட்டரில் சொல்லப்படும். பிஎம்சி என்பது அந்தப் பரப்புக்குள் இருக்கும் கனிமத்தின் எடை, கிராமில். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பிஎம்டி, அதாவது எலும்புக் கனிம அடர்த்தி கிடைக்கும். இதன் அலகு ஒரு சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிராம் என்பதாகும். இயற்பியல் வகுப்பில் அடர்த்தி என்றால் கனஅளவால் வகுக்க வேண்டும் என்று படித்தவர்கள் இங்கே தயங்குவார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. டெக்ஸா எடுப்பது தட்டையான நிழற்படம் என்பதால் எலும்பின் தடிமன் அதற்குத் தெரியாது. உடல் பெரியதாக இருப்பவரின் தடித்த எலும்பு சற்றுக் கூடுதலான அடர்த்தியையும், சிறிய உடல்வாகு கொண்டவரின் எலும்பு சற்றுக் குறைவான அடர்த்தியையும் காட்டுவதற்கு இதுவே காரணம்.

டி-ஸ்கோர் எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வகுப்புக்காக ஒரு மாதிரி அச்சை உருவாக்கியிருக்கிறேன். இந்தப் பக்கம் முழுவதும் அதையே பயன்படுத்துவோம். 67 வயதுப் பெண் ஒருவர். மாதவிடாய் நின்று பல ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை எலும்பு முறிவு இல்லை. அவருடைய தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தி 0.630. கருவி ஒப்பிடும் இளம் பெண்களின் சராசரி 0.858, திட்டவிலக்கம் 0.120.

```
T = (0.630 − 0.858) ÷ 0.120 = −1.9
```

அதாவது அவருடைய எலும்பின் அடர்த்தி, இளம் வயதினரின் சராசரியிலிருந்து 1.9 திட்டவிலக்கம் கீழே இருக்கிறது. கழித்தல் குறி சராசரிக்குக் கீழே என்பதை மட்டுமே சொல்கிறது. எலும்பில் ஏதோ எதிர்மறையாகிவிட்டது என்று பொருள் இல்லை. அதேபோல் இது சதவீதமும் அல்ல. −1.9 என்றால் 19 சதவீத இழப்பு என்று எழுதும் மாணவர்கள் ஒவ்வொரு வகுப்பிலும் இருக்கிறார்கள்.

0.858, 0.120 என்ற எண்கள், அமெரிக்காவில் என்ஹேன்ஸ் 3 என்ற தேசியக் கணக்கெடுப்பில் 20 முதல் 29 வயது வரையிலான வெள்ளையினப் பெண்களிடம் பெறப்பட்டவை. இடுப்பு மூட்டுக்கான ஒப்பீட்டுத் தரமாக உலகெங்கும் பெரிதும் பயன்படுவது இந்தத் தரவுதான். எந்தத் தரவோடு ஒப்பிட்டார்கள் என்பது அச்சின் அடியில் மிகச் சிறிய எழுத்தில் இருக்கும். ஒப்பிடும் கூட்டம் மாறினால் அளந்த அடர்த்தி மாறாமலேயே டி-ஸ்கோர் மாறிவிடும் என்பதால் அந்தச் சிறிய எழுத்தையும் படிக்க வேண்டும்.

மைனஸ் 1, மைனஸ் 2.5 என்ற வரம்புகளை யார் வைத்தார்கள்?

1994-இல் உலக சுகாதார நிறுவனத்தின் அறிக்கையொன்று இவற்றை வகுத்தது. டி-ஸ்கோர் −1.0 அல்லது அதற்கு மேல் இருந்தால் இயல்பு, −1.0-க்கும் −2.5-க்கும் இடையில் இருந்தால் அடர்த்திக் குறைவு, அதாவது ஆஸ்டியோபீனியா, −2.5 அல்லது அதற்குக் கீழ் இருந்தால் எலும்புப்புரை, அதாவது ஆஸ்டியோபோரோசிஸ். பச்சை, மஞ்சள், சிவப்பு என்ற பட்டைகள் இந்த மூன்றுக்கும் உரியவை. சரியாக −2.5 என்று வந்தால் அது சிவப்பில் சேரும்; தேர்வில் தவறவிடும் இடங்களில் இதுவும் ஒன்று.

எலும்பு −2.4-இல் வலுவாக இருந்து −2.5-இல் திடீரென நொறுங்கத் தொடங்குவதில்லை. அடர்த்தி குறையக் குறைய முறிவின் வாய்ப்பு படிப்படியாக ஏறுகிறது. எங்கும் ஒரு படிக்கட்டு இல்லை. மக்கள்தொகையில் எத்தனை பேருக்கு எலும்புப்புரை இருக்கிறது என்று எல்லா நாடுகளிலும் ஒரே முறையில் எண்ண ஒரு கோடு தேவைப்பட்டது, அதை அங்கே கிழித்தார்கள். மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் இடத்தில் அச்சு காட்டும் கூர்மையான விளிம்பு, உடலில் இல்லாத ஒரு விளிம்பு.

வரைபடத்தில் கிடைமட்டமான வண்ணப் பட்டைகளோடு சாய்வாக இறங்கும் இன்னொரு பட்டையும் இருக்கிறதே, அது எதற்கு?

வரைபடத்தின் கீழ் ஓரத்தில் வயது, இடது ஓரத்தில் பிஎம்டி, பல கருவிகளில் வலது ஓரத்தில் டி-ஸ்கோர். கிடைமட்டப் பட்டைகள் டி-ஸ்கோருக்கு உரியவை. இளம் வயதுச் சராசரியைப் பொறுத்தவை என்பதால் அவை 30 வயதிலும் 80 வயதிலும் ஒரே உயரத்தில் இருக்கின்றன. சாய்வான பட்டை, அந்தந்த வயதில் இருப்பவர்களிடம் வழக்கமாகக் காணப்படும் அடர்த்தியைக் காட்டுகிறது. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி அது சட்டென்று இறங்குவதைக் கவனித்துப் பாருங்கள்; ஈஸ்ட்ரோஜன் குறையும்போது எலும்பு கரையும் வேகம் கூடுவதை அந்த வளைவிலேயே படிக்கலாம். பட்டையின் அகலம் சில கருவிகளில் சராசரிக்கு மேலும் கீழும் ஒரு திட்டவிலக்கம், வேறு சிலவற்றில் இரண்டு. இதைப் பாராமல் இரண்டு நிறுவனங்களின் அச்சுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணளவில் ஒப்பிட்டால் முடிவு பிழைக்கும்.

இசட்-ஸ்கோர் நன்றாக இருந்து டி-ஸ்கோர் மட்டும் குறைவாக இருந்தால் எதை நம்புவது?

இரண்டும் உண்மை; அவை வெவ்வேறு கேள்விகளுக்கான விடைகள். இசட்-ஸ்கோர் அதே வயது, அதே பாலினத்தாரோடு ஒப்பிடுகிறது. நம் மாதிரிப் பெண்ணின் தொடை எலும்புக் கழுத்துக்கு டி-ஸ்கோர் −1.9, இசட்-ஸ்கோர் −0.3. அவருடைய வயதினரில் இது மிகச் சாதாரணமான அளவு. ஆனால் அந்த வயதினர் எல்லோருக்குமே எலும்பு குறைந்திருக்கிறது என்பதால், வயதுக்கு இயல்பு என்ற ஆறுதல் முறிவிலிருந்து யாரையும் காப்பதில்லை. மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கும் நோயைத் தீர்மானிக்க டி-ஸ்கோரைப் பயன்படுத்துவது இதனால்தான்.

இசட்-ஸ்கோர் முதியவர்களிடம் வேறொரு வகையில் உதவும். அது −2.0 அல்லது அதற்குக் கீழே சென்றால், வயதும் மாதவிடாய் நிற்பதும் மட்டுமே காரணமாக இருக்க முடியாது என்று சந்தேகிக்க இடமுண்டு. அப்போது மருத்துவர் வைட்டமின் டி குறைபாடு, தைராய்டு, பாராதைராய்டு கோளாறுகள், நீண்டகால ஸ்டீராய்டு பயன்பாடு, குடலில் சத்து உறிஞ்சப்படாமை போன்றவற்றைத் தேடிப் பார்ப்பார்.

நம் மாதிரி அச்சில் முதுகெலும்புப் புள்ளி மஞ்சளில்தானே இருக்கிறது? அப்படியென்றால் அவருக்கு எலும்புப்புரை இல்லை அல்லவா?

இந்தப் பக்கத்தின் மையமே இந்தக் கேள்விதான். கீழ்முதுகில் எல்1 முதல் எல்4 வரை நான்கு முள்ளெலும்புகள் அளக்கப்படுகின்றன. நம் மாதிரி அட்டவணை இது:

| பகுதி | பரப்பு | கனிமம் | அடர்த்தி | டி-ஸ்கோர் |
|---|---|---|---|---|
| எல்1 | 12.0 | 7.68 | 0.640 | −2.6 |
| எல்2 | 13.0 | 9.50 | 0.731 | −2.7 |
| எல்3 | 14.5 | 14.12 | 0.974 | −1.0 |
| எல்4 | 16.5 | 17.69 | 1.072 | −0.4 |
| மொத்தம் | 56.0 | 48.99 | 0.875 | −1.6 |

வரைபடத்தில் புள்ளியாக வைக்கப்படுவது கடைசி வரிசை மட்டுமே. −1.6 என்பதால் அது மஞ்சளின் நடுப்பகுதியில், அதுவும் அவர் வயதுக்குச் சராசரிக்குச் சற்று மேலேயே விழுகிறது. நிறத்தை மட்டும் பார்ப்பவர் இங்கேயே அச்சை மடித்து வைத்துவிடுவார்.

இப்போது டி-ஸ்கோர் நிரலை மேலிருந்து கீழாகப் படியுங்கள். எல்1, எல்2 இரண்டும் சிவப்புக்குரிய எண்கள். எல்2-இலிருந்து எல்3-க்கு ஒரே தாவலில் 1.7 அளவு ஏறுகிறது. ஒருவருடைய அடுத்தடுத்த முள்ளெலும்புகள் ஒரே இரத்தம், ஒரே ஹார்மோன், ஒரே வயது என்ற சூழலில் இருப்பவை. அவற்றுக்கிடையே டி-ஸ்கோர் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால், அந்த இடத்தில் எலும்பைத் தவிர வேறு ஏதோ அளக்கப்பட்டிருக்கலாம் என்று ஐயப்பட வேண்டும்.

உடனே படத்துக்குத் திரும்ப வேண்டும். எல்3, எல்4 ஆகியவற்றின் ஓரங்கள் மற்ற இரண்டைப் போல மழமழவென்று இல்லாமல் கொக்கி போல வெளியே நீண்டிருக்கின்றன. அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி குறுகி, இரு விளிம்புகளும் அடர்ந்த வெண்மையாகத் தெரிகின்றன. இது முதுகெலும்பின் தேய்மானம். ஓரங்களில் வளர்ந்தவை எலும்பு முளைகள். அவையும் கால்சியம் நிறைந்தவையே என்பதால், எக்ஸ்-கதிர் அவற்றையும் எலும்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறது. கனிமம் கூடுகிறது, அடர்த்தி கூடுகிறது. உடலின் எடையைத் தாங்கும் உள்ளெலும்பின் வலு மட்டும் கூடுவதில்லை.

பழுதடைந்த இரண்டையும் நீக்கி எல்1, எல்2 ஆகியவற்றை மட்டும் கணக்கிட்டால் கனிமம் 17.18, பரப்பு 25.0, அடர்த்தி 0.687. இந்த இரண்டுக்கான இளம் வயதுச் சராசரியை 0.980 என்றும் திட்டவிலக்கத்தை 0.110 என்றும் நம் மாதிரிக் கருவி கொண்டிருக்கிறது.

```
T = (0.687 − 0.980) ÷ 0.110 = −2.7
```

அதே பெண், அதே ஸ்கேன். மஞ்சளில் இருந்த புள்ளி சிவப்புக்குப் போய்விட்டது. கருவி தவறு செய்யவில்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட எல்லைகளுக்குள் இருந்த கால்சியத்தைச் சரியாகவே எண்ணியது.

மொத்த வரிசையில் உள்ள 0.875, நான்கு அடர்த்திகளின் சராசரியோடு ஒத்துப்போகவில்லையே?

கணக்குப் போட்டுப் பார்த்தவருக்குப் பாராட்டு. நான்கையும் கூட்டி நான்கால் வகுத்தால் 0.854 வரும். கருவி அப்படிச் செய்வதில்லை. நான்கின் கனிமத்தையும் தனியே கூட்டி, பரப்பையும் தனியே கூட்டி, பிறகு ஒன்றை மற்றொன்றால் வகுக்கிறது. அதனால் பெரிய முள்ளெலும்புக்குக் கூடுதல் பங்கு கிடைக்கிறது. மிகப் பெரியதும், தேய்மானம் அதிகம் காணப்படும் இடங்களில் ஒன்றும் எல்4 என்பதால், பழுதடைந்த எலும்பே மொத்தத்தை அதிகமாக மேலே இழுக்கிறது.

தேய்மானம் தவிர வேறு எவை முதுகெலும்பு எண்ணைப் பொய்யாக உயர்த்தும்?

மிக முக்கியமானது அழுத்த முறிவு. நசுங்கிய முள்ளெலும்பில் அதே கனிமம் குறைந்த பரப்புக்குள் அடைபடுவதால் அதன் அடர்த்தி கூடியதாகக் கணக்காகிறது. எலும்புப்புரையால் நொறுங்கிய எலும்பே அச்சில் மிக ஆரோக்கியமான எலும்பாகத் தோன்றும் விந்தை இது. அட்டவணையில் ஒரு முள்ளெலும்பின் பரப்பு, அதற்கு மேலே உள்ளதைவிடச் சிறியதாக இருந்தால் இந்தச் சந்தேகம் எழ வேண்டும். வழக்கமாக எல்1-இலிருந்து எல்4 வரை பரப்பு ஏறிக்கொண்டே போகும்.

முதுகெலும்புக்கு முன்னால் ஓடும் பெருந்தமனியின் சுவரில் படிந்த கால்சியம், அறுவை சிகிச்சையில் பொருத்திய உலோகம், வயிற்றில் இன்னும் கரையாத கால்சியம் மாத்திரை, அண்மையில் கொடுத்த பேரியம் போன்றவையும் கதிரின் பாதையில் குறுக்கிடலாம். ஸ்கேனுக்கு முன் மாத்திரை சாப்பிட்டீர்களா, வேறு ஸ்கேன் எடுத்தீர்களா என்று கேட்பது இதற்காகவே. முள்ளெலும்பின் பின்பகுதியை நீக்கும் அறுவை சிகிச்சை நடந்திருந்தால் மட்டும் நிலைமை எதிர்மாறாகி, எண் பொய்யாகக் குறையும்.

பிடிக்காத எண்ணைத் தரும் முள்ளெலும்பை எல்லாம் நீக்கிவிடலாமா?

கூடாது. நீக்குவதற்குப் படத்தில் காணக்கூடிய காரணம் இருக்க வேண்டும், அல்லது அடுத்த முள்ளெலும்போடு டி-ஸ்கோர் ஒன்றுக்கு மேல் வேறுபட வேண்டும். நீக்கிய பிறகு குறைந்தது இரண்டு முள்ளெலும்புகளாவது மிஞ்ச வேண்டும். ஒன்றே ஒன்றை வைத்து நோயைத் தீர்மானிப்பதை மருத்துவ வழிகாட்டுதல் ஏற்பதில்லை. அப்படி ஒன்று மட்டுமே மிஞ்சினால் முதுகெலும்பை விட்டுவிட்டு இடுப்பு மூட்டையும், தேவைப்பட்டால் முன்கை எலும்பையும் நாட வேண்டும். என் கருத்தில், நீக்கியவற்றின் பெயரையும் காரணத்தையும் அறிக்கையில் எழுதாத அச்சு முழுமையான அச்சு அல்ல. அடுத்த முறை ஸ்கேன் எடுப்பவர் எதோடு ஒப்பிடுவது என்று தெரியாமல் தடுமாறுவார்.

முதுகு சிவப்பு, இடுப்பு மஞ்சள் என்று வந்தால் இரண்டுக்கும் சராசரி எடுக்கலாமா?

எடுக்கக் கூடாது. கீழ்முதுகு, முழு இடுப்பு மூட்டு, தொடை எலும்புக் கழுத்து ஆகிய மூன்றில் எது மிகக் குறைவோ அதுவே முடிவைத் தீர்மானிக்கும். நம் மாதிரியில் தொடை எலும்புக் கழுத்து −1.9, முழு இடுப்பு மூட்டு −1.7, திருத்திய கீழ்முதுகு −2.7. ஆகவே முடிவு எலும்புப்புரை. திருத்தாமல் விட்டிருந்தால் மூன்றும் மஞ்சளாகவே முடிந்திருக்கும்.

இடுப்பு மூட்டின் அட்டவணையில் வார்ட் முக்கோணம் என்ற பெயரில் இன்னொரு வரிசையும் அச்சாகும். பெரும்பாலும் மிகக் குறைவான எண் அதில்தான் இருக்கும். மிகச் சிறிய பகுதி என்பதால் அதை வைத்து நோயைத் தீர்மானிப்பதில்லை. அந்த எண்ணைக் கண்டு கலங்க வேண்டாம்.

இடுப்புப் படத்திலும் இப்படிப் பிழை வருமா?

வரும், ஆனால் அங்கே காரணம் பெரும்பாலும் கால் வைத்த விதம். காலைச் சற்று உள்நோக்கித் திருப்பி, ஒரு தாங்கியில் கட்டி வைத்த பிறகே படம் எடுக்க வேண்டும். அப்போதுதான் தொடை எலும்பின் கழுத்து முழு நீளத்தில் தட்டையாகத் தெரியும். கால் வெளிப்பக்கம் சாய்ந்திருந்தால் கழுத்து குறுகித் தெரியும். குறுகிய பரப்பில் கனிமம் குவிவதால் அடர்த்தி கூடியதாக வரும். தொடை எலும்பின் உட்பக்கத்தில் உள்ள சிறு புடைப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்கலாம். சரியாகத் திருப்பிய காலில் அது மறைந்திருக்கும் அல்லது லேசாக மட்டும் தெரியும். கூர்மையாகத் துருத்திக்கொண்டு தெரிந்தால் கால் போதிய அளவு திரும்பவில்லை.

போன முறை மஞ்சள், இந்த முறை சிவப்பு. எலும்பு தேய்ந்துவிட்டது என்றுதானே பொருள்?

அப்படி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். வேறொருவரின் தொடை எலும்புக் கழுத்து முதல் ஸ்கேனில் 0.570, இரண்டாவதில் 0.558 என்று வைத்துக்கொள்வோம். டி-ஸ்கோர் −2.4-இலிருந்து −2.5 ஆகிறது, நிறம் மாறுகிறது. ஆனால் அடர்த்தியின் வேறுபாடு 0.012 மட்டுமே, ஏறக்குறைய 2 சதவீதம். ஒரே ஆளைக் கீழே இறக்கி, மறுபடியும் மேசையில் படுக்கவைத்து எடுத்தாலே இந்த அளவு வேறுபாடு வரக்கூடும்.

எனவே ஒவ்வொரு ஸ்கேன் மையமும் தன் அளவீட்டுப் பிழையைச் சோதித்து, உண்மையான மாற்றம் என்று ஏற்கக்கூடிய மிகச் சிறிய அளவைக் கணக்கிட்டு வைத்திருக்க வேண்டும். அளவீட்டுப் பிழையை 2.77-ஆல் பெருக்கினால் அது கிடைக்கும். தொழில்நுட்பவியலாளருக்கு அனுமதிக்கப்படும் பிழையின் உச்ச வரம்பின்படி அது கீழ்முதுகில் 5.3 சதவீதம், முழு இடுப்பு மூட்டில் 5.0, தொடை எலும்புக் கழுத்தில் 6.9. நல்ல மையங்களில் இதைவிடக் குறைவாகவே இருக்கும். 2 சதவீதம் இவற்றுக்குள் அடங்கிவிடுவதால், மேலே சொன்னவரின் எலும்பு தேய்ந்தது என்று இந்த இரண்டு அச்சுகளை வைத்து யாரும் சொல்ல முடியாது. மாற்றத்தை ஆராயும்போது பிஎம்டியை ஒப்பிட வேண்டும். டி-ஸ்கோரையோ நிறத்தையோ ஒப்பிடக் கூடாது.

இரண்டு வெவ்வேறு இடங்களில் எடுத்த அச்சுகளை ஒப்பிடலாமா?

கருவிகள் வேறாக இருந்தால் நேரடியாக ஒப்பிட முடியாது. ஜிஇ லூனார் கருவி, அதே எலும்புக்கு ஹோலாஜிக் கருவியைவிட உயர்ந்த பிஎம்டி எண்ணைத் தருவது வழக்கம். எல்லையைக் கண்டறியும் முறையும் அளவுத்திருத்தமும் இரண்டிலும் வேறு. ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரிக் கருவிகளாக இருந்தாலும்கூட, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் திருத்தியிருக்காவிட்டால் சில சதவீத மாற்றத்தை நம்ப முடியாது. முடிந்தவரை அதே மையம், அதே கருவி என்று கேட்பதற்கு இதுதான் காரணம்.

இளைஞர்களுக்கும் ஆண்களுக்கும் இதே நிறங்கள் பொருந்துமா?

மாதவிடாய் நிற்காத பெண்களுக்கும் 50 வயதுக்குட்பட்ட ஆண்களுக்கும் டி-ஸ்கோர் பட்டைகள் பொருந்தாது. இசட்-ஸ்கோரைத்தான் பார்க்க வேண்டும். அது −2.0 அல்லது அதற்குக் கீழ் இருந்தால், வயதுக்கு எதிர்பார்க்கும் வரம்புக்குக் கீழே என்று எழுதுவார்கள். அந்த எண்ணை மட்டும் வைத்து எலும்புப்புரை என்று பெயரிடுவதில்லை. குழந்தைகளுக்கு டி-ஸ்கோரே தரக் கூடாது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் எலும்பை, வளர்ச்சி முடிந்த எலும்போடு ஒப்பிடுவதில் பொருள் இல்லை. ஆனாலும் மென்பொருள் சில வேளைகளில் 25 வயதுக்காரரின் வரைபடத்திலும் வண்ணங்களைப் பூசித் தந்துவிடும்.

50 வயதைக் கடந்த ஆண்களின் நிலை சற்றுச் சிக்கலானது. அவர்களுக்கும் இளம் பெண்களின் தரவோடு ஒப்பிட்டே டி-ஸ்கோர் கணக்கிட வேண்டும் என்பது சர்வதேசப் பரிந்துரை. ஆனால் சில அச்சுகளில் இளம் ஆண்களின் தரவு பயன்படுத்தப்பட்டிருக்கும். ஆண்களின் சராசரி உயர்ந்தது என்பதால், அதே எலும்பு அந்த அச்சில் இன்னும் கீழே விழும். இங்கும் அடியில் உள்ள சிறிய எழுத்துதான் விடை சொல்லும்.

மஞ்சளில் இருப்பவருக்கு எலும்பு முறியாது என்று சொல்லலாமா?

சொல்லவே கூடாது. லேசாக விழுந்து எலும்பை முறித்துக்கொள்பவர்களில் பெரும்பாலானோரின் டி-ஸ்கோர் −2.5-க்கு மேலேதான் இருக்கிறது. சிவப்பில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் ஆபத்து கூடுதல். ஆனால் மஞ்சளில் இருப்பவர்களின் எண்ணிக்கை மிக அதிகம் என்பதால் மொத்த முறிவுகளில் அவர்களின் பங்கு பெரிதாகிறது. நின்ற உயரத்திலிருந்து விழுந்ததற்கே இடுப்பு எலும்போ முள்ளெலும்போ முறிந்தவர், அச்சில் மஞ்சளைக் காட்டினாலும் எலும்புப்புரை உள்ளவராகவே நடத்தப்படலாம்.

அதனால் மருத்துவர் அச்சோடு வயது, முந்தைய முறிவு, பெற்றோருக்கு இடுப்பு முறிந்ததா, புகைபிடித்தல், ஸ்டீராய்டு மருந்து போன்றவற்றையும் சேர்த்துப் பார்க்கிறார். ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உருவான ஃப்ராக்ஸ் கணிப்பான் இவற்றிலிருந்து அடுத்த 10 ஆண்டுகளில் முறிவு ஏற்படும் வாய்ப்பைச் சதவீதமாகத் தருகிறது. தொடை எலும்புக் கழுத்தின் அடர்த்தியை மட்டுமே அது உள்ளே வாங்கும். நம் மாதிரிப் பெண்ணைப் போல முதுகு மட்டும் மோசமாக இருப்பவருக்கு ஃப்ராக்ஸ் காட்டும் ஆபத்து, உண்மையைவிடக் குறைவாக இருக்கக்கூடும் என்பதை மருத்துவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்கிறார்கள்.

சில அச்சுகளில் சதவீத நிரல்களும் உள்ளனவே?

அவை இளம் வயதுச் சராசரியிலும், சம வயதினரின் சராசரியிலும் எத்தனை சதவீதம் இருக்கிறது என்பதைச் சொல்கின்றன. நம் மாதிரியில் 0.630-ஐ 0.858-ஆல் வகுத்தால் 73 சதவீதம். இதைப் பார்த்து 27 சதவீத எலும்பை இழந்துவிட்டதாகச் சொல்வது சரியல்ல. அவர் தம் 25 வயதில் எந்த அளவில் இருந்தார் என்பது இந்த அச்சில் எங்கும் இல்லை. நோயைத் தீர்மானிக்க இந்த நிரல்கள் பயன்படுவதில்லை, ஆகவே வகுப்பு அறிக்கையில் அவற்றை எழுத வேண்டியதில்லை.